ரெண்டு மணி நேரத்துல ஒரு கேம எப்படி சோதிக்கிறது

கையில காசு கம்மியா இருக்குறவங்க ரிவ்யூ வீடியோவா பாத்துப் பாத்து கொழம்புறத விட பிசி கேம் விக்கிற ஸ்டீமோட ரீஃபண்ட் விதிய ஒருதடவ ஒழுங்கா படிச்சுக்கிறது எவ்வளவோ மேல்னு சொல்லுவேன். வாங்கி 14 நாளுக்குள்ள, கேம் ஓடின நேரம் 2 மணி நேரத்துக்குக் கீழ இருந்தா காசு திரும்ப வந்துடும், புடிக்கலன்னு சொன்னாலே போதும்.

ஆனா அந்த 14 நாள் வாங்கின அன்னிக்கே ஆரம்பிச்சிடும், இன்ஸ்டால் பண்ற அன்னிக்கு இல்ல. சேல்ல மலிவா இருக்கேன்னு அள்ளிப் போட்டு ரெண்டு மாசம் கழிச்சு தொறந்தா கத முடிஞ்சது. 2 மணி நேரம்ங்கறதும் கேம் தொறந்திருந்த நேரம்தான், பாஸ் போட்டுட்டு சாப்பிடப் போனாலும் ஓடிட்டே இருக்கும்.

ஒரு பெரிய ஓபன் வேர்ல்ட் ஆர்பிஜின்னு வெச்சுக்கோங்க. உள்ள போனதும் ஷேடர் கம்பைல் ஆக 20 நிமிஷம், மூக்கு சரியில்ல தாட சரியில்லன்னு மூஞ்சிய செதுக்க அரை மணி நேரம், ஆரம்பக் கதை வீடியோ எல்லாம் 40 நிமிஷம், ஆக ஒன்றரை மணி நேரம் போச்சு, கேம் என்னன்னே இன்னும் தெரியாது. அதனால டிஃபால்ட் மூஞ்சியே போதும், கதைய ஸ்கிப் பண்ணுங்க, நொடிக்கு எத்தன ஃப்ரேம் வருதுன்னு காட்டுற எஃப்பிஎஸ் கவுண்டர ஆன் பண்ணிட்டு கூட்டமா ஆளுங்க இருக்குற மொத ஊருக்கு நேரா ஓடுங்க. இந்த மாதிரி கேம் பெரும்பாலும் அங்கதான் திணறும். அங்க ரெசல்யூஷனயும் கிராஃபிக்ஸயும் கொறச்சுப் பாருங்க, எஃப்பிஎஸ் ஏறுச்சுன்னா பொழச்சோம், அசையவே இல்லன்னா பெரும்பாலும் உங்க ப்ராசஸருக்குத்தான் மூச்சு வாங்குது, செட்டிங்ஸ்ல அத பெருசா சரி பண்ண முடியாது. அப்புறம் ரெண்டு சண்ட போடுங்க. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகுறதுக்குள்ள லைப்ரரில நேரத்த பாத்து முடிவெடுங்க. வெச்சுக்கலாம்னு தோணுச்சுன்னா நிதானமா புதுசா ஆரம்பிச்சு மூக்க செதுக்கிக்கலாம்.

டெமோ இருந்தா மொதல்ல அதத்தான் போடணும், அந்த நேரம் முழு கேமோட 2 மணி கணக்குல சேராது. பிப்ரவரி, ஜூன், அக்டோபர்ல வர்ற ஸ்டீமோட நெக்ஸ்ட் ஃபெஸ்ட்ல டெமோவா கொட்டும். என்ன, டெமோங்கறது அவங்களே பாத்துப் பாத்து எடுத்துக் குடுக்குற துண்டு, இருபதாவது மணி நேரத்துல அதே வேலைய திரும்பத் திரும்ப செய்ய வைக்குதான்னு அதுல தெரியாது (ரெண்டு மணி நேரத்துலயும்தான் தெரியாது, அதுக்கு ரிவ்யூ பாருங்க).

ப்ளேஸ்டேஷன்காரங்க இத நம்பி எறங்காதீங்க. அங்கயும் 14 நாள்தான், ஆனா கேம்ல கோளாறு இருந்தாலொழிய டவுன்லோட் ஆரம்பிச்சதுமே அந்த உரிம போயிடும். அங்க டெமோவோ ட்ரயலோ இல்லாத கேம முழு வெலைக்கு வாங்குறது எனக்கு சரியாப் படல.

அடிக்கடி ரீஃபண்ட் கேட்டா பிரச்சனையான்னு கேப்பீங்க. துஷ்பிரயோகம் பண்றாங்கன்னு தோணுச்சுன்னா நிறுத்திடுவோம்னு விதியிலயே இருக்கு. ஆனா வாங்கின கொஞ்ச நாள்ல சேல் வந்தா திருப்பிக் குடுத்துட்டு கம்மி வெலைக்கு அதையே வாங்குறது துஷ்பிரயோகம் இல்லன்னும் அவங்களே எழுதி வெச்சிருக்காங்க, அந்த 14 நாள், 2 மணி கணக்கு தாண்டாம இருந்தா தாராளமா பண்ணுங்க.