காசிமேட்டு மீன் சீட்டு: 4.50 இல்லை, 4.050

காசிமேட்டில் மீன் வாங்கிய சீட்டின் மொத்த எடையைக் கூட்ட ஒரு அண்ணன் சொன்ன வழி: “கிலோவைத் தனியா, கிராமைத் தனியா கூட்டி நடுவுல புள்ளி வைங்க. மொத்தம் 4.50 கிலோ.”

பாதி சரி, அண்ணே. தனித்தனியாகக் கூட்டலாம், புள்ளிதான் கவிழ்க்கிறது. சீட்டில் சங்கரா 2 கிலோ 50 கிராம், இறால் 750 கிராம், வஞ்சிரம் 1.25 கிலோ. அந்த .25 என்பது 250 கிராம், 25 இல்லை. எல்லாவற்றையும் கிராமாக்குங்கள்: 2050, 750, 1250. கூட்டினால் 4050 கிராம், அதாவது 4 கிலோ 50 கிராம். கிலோவில் எழுதினால் 4.050, கிராமை அப்படியே புள்ளிக்குப் பின் வைத்தால் எப்போதும் மூன்று இலக்கம். 4.50 என்றால் 450 கிராம் கூடுதல், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு!

கூட்டல் ஒத்துவராததற்குத் தராசுதான் கோளாறு என்று எழுதிய அக்காவுக்கு: இங்கே தராசு பாவம், தப்பு சீட்டில். இறாலை ஐஸோடு நிறுத்தார்களா என்பது வேறு சண்டை.