கார்த்திகை மாதத்தில் ‘நேற்றுக் காய்ச்சிய’ கருப்பட்டி

நேற்று ஒருவர் போனில், “அண்ணே, கிலோ இருநூறுக்கே சுத்தமான கருப்பட்டி கிடைக்குதே, நீங்க மட்டும் நானூறு சொல்றீங்க?” என்றார். நேற்றுக் காய்ச்சியது என்று வேறு அந்தக் கடைக்காரர் சொன்னாராம். இது கார்த்திகை. உடன்குடிப் பக்கம் எங்கள் பனைகளில் இப்போது பதநீர் தரும் பாளையே இல்லை.

நாங்கள் கருப்பட்டி காய்ச்சுவது பங்குனி முதல் ஆடி வரைதான். முதலில் ஆண்பனை, அப்புறம் பெண்பனை. தீபாவளிக்குப் பிறகு விற்பதெல்லாம் இருப்பு. அடுப்புக்கு மேலே பரணில் புகை படக் கிடந்த பழைய கருப்பட்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் ‘புதுசு’ என்றால், பழையதை உருக்கிச் சீனி சேர்த்து மறுபடி சிரட்டையில் ஊற்றியதோ என்று நான் சந்தேகப்படுவேன்.

விலைக்கு வருகிறேன். போன சித்திரையில் ஒரு நாள் அப்பா 40 லிட்டர் பதநீர் இறக்கினார். கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில் அம்மா காய்ச்சியதில் கிடைத்தது 5 கிலோ. அதாவது கிலோவுக்கு 8 லிட்டர். அந்த 8 லிட்டரை ஊரிலேயே லிட்டர் 50 ரூபாய்க்கு விற்றிருந்தால் 400 ரூபாய். இதில் விறகும் அம்மாவின் அரைநாளும் சேரவில்லை. பதநீர் அன்றைக்கே விற்றுத் தீராது, மிஞ்சினால் புளிக்கும் என்பதால்தான் காய்ச்சுகிறோம். இருநூறுக்குக் கொடுப்பவர் எந்தக் கணக்கில் கொடுக்கிறார்? சீனி கிலோ ஐம்பதுக்குள் கிடைக்கிறது, அந்தக் கணக்கில்தான்.

‘தண்ணீரில் போடு, மெதுவாகக் கரைந்தால் அசல்’ என்று வீடியோ அனுப்புகிறீர்கள். சீனியிலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி ஒரே சர்க்கரைதான். கரைவதை வைத்து என்ன தெரியும்? கறுப்பாக இருந்தால் அசல் என்பதும் அப்படித்தான். தீ கூடினாலும் கறுக்கும்.

எங்கள் கருப்பட்டியே எல்லா நாளும் ஒன்றுபோல வராது. புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் லேசாகப் புளித்துவிடும். அந்தப் பாகு எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாமல் இழுக்கும். சுண்ணாம்பு கூடினால் நாக்கில் கரிக்கும். பாகு பொங்கும்போது அம்மா ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார், நுரை அடங்கும். பிறகு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டால் சட்டியை இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் தீய்ந்த வாடைதான். போன ஆனியில் மேகமூட்டமாக இருந்த ஒரு வாரம் முழுக்கக் கருப்பட்டி கசிந்தபடியே இருந்தது. அதைச் சொல்லித்தான் குறைத்து விற்றோம். பன்னிரண்டு மாதமும் ஒரே நிறம், ஒரே கெட்டி என்று கொடுப்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். அதற்கப்புறம் உடன்குடி என்ற பேர் எந்தெந்த ஊர்ப் பாக்கெட்டில் எல்லாமோ ஏறிவிட்டது.

போன் செய்தவரிடம் இதையெல்லாம் சொன்னேன். “சரிண்ணே, அரைக் கிலோ மட்டும் அனுப்புங்க” என்றார். பரணில் இன்னும் 11 கிலோ இருக்கிறது. புதுசு வேண்டுமென்றால் பங்குனிக் கடைசியில் கேளுங்கள்.