'டூ தி நீட்ஃபுல்' என்றால் எதைச் செய்வது?

ஆபீஸ் மெயில் எழுதுவது பற்றி ஒருவர் சொன்னது இது: "சப்ஜெக்ட்ல 'ரிக்வெஸ்ட்'னு போட்டு, கடைசில 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்'னு முடிச்சா போதும். அதான் ஃபார்மல் மெயில்."

இல்லைங்க. அதில் மரியாதை இருக்கிறது, கேட்பது என்ன என்பது இல்லை. என் மாலை வகுப்புக்கு வரும் ஒரு அக்கா, வீட்டுக் கடனுக்காக ஹெச்ஆருக்கு இப்படித்தான் எழுதினார். எட்டு வரி குடும்பச் சூழல், பிறகு 'நீட்ஃபுல்'. இரண்டு நாள் கழித்து வந்த பதில்: "உங்களுக்கு என்ன வேண்டும்?"

வகுப்பில் அதைத் திருத்தினோம். சப்ஜெக்ட்: 'சேலரி சர்ட்டிபிகேட், ஜூன் 14-க்குள் தேவை'. முதல் வரியிலேயே 'குட் யூ ப்ளீஸ்' என்று தொடங்கி, எந்தச் சான்றிதழ், எந்தத் தேதிக்குள் என்று கேட்டார். அடுத்த வரியில் காரணம்: வங்கி கேட்கிறது. கீழே பெயர், எம்ப்ளாயி நம்பர். அவ்வளவுதான். போனில் சப்ஜெக்ட்டின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அதனால்தான் பொருளின் பெயர் முன்னால் வந்தது.

மெயிலை 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்குவது பழசு என்று சிலர் சொல்வது பாதி சரி. அரசு அலுவலகத்துக்கு எழுதினால் அது இன்னும் இயல்புதான். ஆனால் படிப்பவர் மேடமாக இருந்தால்? பெயர் தெரிந்தால் 'டியர்' போட்டுப் பெயரை எழுதுங்கள்.



சப்ஜெக்ட்டில் 'அர்ஜென்ட்' போடலாமா என்பதில் எனக்கும் உடன் பாடம் எடுப்பவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் தேதியைப் போடச் சொல்கிறேன்.