நான்கால் வகுத்தால் கணக்கு முடிந்துவிடுமா?

வெளிநாட்டில் வாடகை வீட்டைப் பகிர்ந்துகொண்டு படிக்கும் மாணவர்களில் யாராவது ஒருவருடைய பெயரில்தான் மின் இணைப்பு இருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். பில் வரும்போதெல்லாம் மொத்தத் தொகை எவ்வளவு, அதில் யாருடைய பங்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று எழுதி வீட்டுக் குழுவுக்கு அனுப்புகிறேன். எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பதை நீலக் குறிகள் காட்டுகின்றன. ஆனாலும் பதில் வருவதில்லை. மீண்டும் நினைவூட்டினால், ஏதோ நான் கைமாற்றுக் கேட்டு வாசலில் வந்து நிற்பதைப் போல, "இந்த வாரம் கொஞ்சம் நெருக்கடி அண்ணா, பிறகு பார்க்கலாம்" என்று சொல்கிறார்கள். அவர்கள் குளிர்காய்ந்த மின்சாரத்தின் விலையைத்தான் கேட்கிறேன் என்பதை இவர்களுக்கு எத்தனை முறை எழுதிப் புரியவைப்பது?

இதில் எனக்கு மிகுந்த ஆத்திரத்தைத் தருவது, தாமதத்தின் விளைவு முழுவதும் என் ஒருவன் தலையில் விழுகிறது என்பதுதான். வாடகை ஒப்பந்தத்தில் நால்வரும் கையெழுத்திட்டிருக்கிறோம். வாடகை பாக்கி விழுந்தால் வீட்டுக்காரர் நால்வரையும் கேட்பார். மின் நிறுவனத்துடன் உள்ள ஒப்பந்தம் அப்படிப்பட்டதன்று. அதற்குக் கணக்கில் பெயர் உள்ளவரை மட்டுமே தெரியும். அடுத்த அறைத் தம்பி பங்கு தரவில்லை என்று நான் அந்த நிறுவனத்திடம் முறையிட முடியாது. முறையிட்டாலும் அது உங்கள் வீட்டு விவகாரம் என்றுதான் சொல்வார்கள். கெடு கடந்தால் தாமதக் கட்டணமும் நினைவூட்டுக் கடிதமும் என் பெயருக்கே வரும். கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் நாடுகளில் செலுத்தாத பில்லும் அந்தப் பதிவில் ஏறக்கூடும். நாளைக்கு வேறொரு வீடு தேடும்போதோ கைப்பேசி ஒப்பந்தம் போடும்போதோ அது என் முன்னால் வந்து நிற்கும். மற்ற மூவருடைய பெயரிலும் ஒரு கீறல்கூட விழாது.

இப்போது வந்திருக்கும் பில்லை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் என் பொறுமை போனது இதில்தான். எந்த நாட்டு நாணயம் என்பது இங்கே தேவையில்லை, எண்களை மட்டும் பாருங்கள். தொண்ணூறு நாள்களுக்கான மொத்தத் தொகை 395. அதில் 45 என்பது நிலைக் கட்டணம், அதாவது ஒரு விளக்கைக்கூடப் போடாவிட்டாலும் இணைப்பு இருப்பதற்காகவே நாளொன்றுக்கு அரை வீதம் வசூலிக்கப்படுவது. மீதமுள்ள 350 நாங்கள் செலவழித்த 1,400 யூனிட்டுகளுக்கானது. யூனிட்டுக்குக் கால் வீதம். இந்தத் தொண்ணூறு நாள்களில் வீட்டில் ஒரு மாற்றம் நடந்தது. நான்காம் அறையில் இருந்தவர் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அறுபதாம் நாளில் வீட்டைக் காலிசெய்து போய்விட்டார். இருபது நாள்கள் அறை பூட்டிக் கிடந்தது. கடைசிப் பத்து நாள்களுக்கு முன்புதான் புதிய தம்பி ஒருவர் வந்து சேர்ந்தார்.

இதற்கு மற்ற இருவரும் கண்டுபிடித்த வழி, 395-ஐ நான்கால் வகுத்து ஆளுக்கு 98.75 என்று வாங்கிவிடுவதுதான். நான்காவது பங்கு யாருடையது என்று கேட்டேன். இப்போது அந்த அறையில் யார் இருக்கிறாரோ அவருடையது என்று கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்கள். பத்தே நாள்கள் தங்கிய ஒரு மாணவர், முழுக் குளிர்காலத்துக்கும் சேர்த்து 98.75 தர வேண்டுமாம்! விமானத்திலிருந்து இறங்கிய களைப்புகூடத் தீராத அந்தத் தம்பி, மறுத்துப் பேசினால் வீட்டில் பகை வந்துவிடுமோ என்று பயந்து தலையாட்டியதை நான் பார்த்தேன். ஊர் தெரியாத, ஆள் தெரியாத ஒருவரிடம் இப்படிப் பறிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்களுக்கு எப்படி வந்தது என்றும் விளங்கவில்லை.

சரியான கணக்குக் கடினமானதே அன்று. ஆள் மாறிய நாளில் மீட்டர் எந்த எண்ணைக் காட்டியது என்பது தெரிந்தால் போதும். நான்காம் அறைக்காரர் கிளம்பிய அன்று மீட்டரைப் படம் எடுத்து, தேதியோடு குழுவில் போட்டிருக்கிறேன். அதன்படி முதல் அறுபது நாள்களில் 1,120 யூனிட், பிந்தைய முப்பது நாள்களில் 280 யூனிட். முதல் பகுதிதான் கடுங்குளிர். மின்சார ஹீட்டர் ஓய்வில்லாமல் ஓடிய காலம். அந்த 1,120 யூனிட்டுக்கு 280 ஆகிறது. அப்போது இருந்த நால்வருக்கும் தலா 70. அடுத்த 280 யூனிட்டுக்கு 70 ஆகிறது. அந்த முப்பது நாளில் நாங்கள் மூவர் முழுமையாக இருந்தோம், புதியவர் பத்து நாள் இருந்தார். ஆக மொத்தம் நூறு ஆள்நாள்கள், ஓர் ஆள்நாளுக்கு 0.70. எங்கள் மூவருக்கும் தலா 21, அவருக்கு 7.

நிலைக் கட்டணத்தை மட்டும் ஆளைப் பார்க்காமல் அறையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும், ஏனெனில் அது ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுகிறது. அறைக்கு 11.25. நான்காம் அறையின் பங்கில் புதியவர் இருந்த பத்து நாளுக்கு 1.25 மட்டுமே அவருடையது. பூட்டிக் கிடந்த இருபது நாள்களையும் சேர்த்து மீதி 10, ஒப்பந்தத்தை முடிக்காமல் கிளம்பிப் போனவருடையது என்று நான் எழுதினேன். எல்லாவற்றையும் கூட்டினால் எங்கள் மூவருக்கும் தலா 102.25, போனவருக்கு 80, புதியவருக்கு 8.25. மொத்தம் 395, ஒரு காசு கூடவுமில்லை, குறையவுமில்லை. நான்கால் வகுத்ததோடு ஒப்பிட்டால் எங்களுக்கு ஏறுவது ஆளுக்கு 3.50தான். இந்த மூன்றரைக்காக ஒருவரிடமிருந்து தொண்ணூறை அநியாயமாக வாங்கத் துணிந்தார்கள், 80 தர வேண்டியவரைத் தொந்தரவு செய்யாமலும் விட்டுவிட்டார்கள்!

போனவரோ, தான் இருந்தவரை வந்த பில்லையெல்லாம் கட்டிவிட்டதாகவும் இனித் தனக்குத் தொடர்பில்லை என்றும் எழுதியிருக்கிறார். மின் பில் பின்னால்தான் வரும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. இன்று கையில் வந்திருப்பது முடிந்துபோன நாள்களுக்கான கணக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கு நாள்கள் அவர் இந்த வீட்டில்தான் தூங்கினார். இதைக் கண்கூடாகக் காட்டத்தான் மீட்டர் படம் தேவைப்படுகிறது. அளவைத் தெரிவிக்காவிட்டால் நிறுவனம் பழைய பயன்பாட்டைப் பார்த்துத் தானே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும்; பில்லில் அளவுக்குப் பக்கத்தில் மதிப்பீடு என்ற குறிப்பு இருக்கும். அந்த மதிப்பீடு குறைவாக இருந்துவிட்டால், விடுபட்ட யூனிட்டெல்லாம் உண்மையான அளவு எடுக்கும்போது அடுத்த பில்லில் மொத்தமாக வந்து விழும். அதற்குள் ஆள் மாறியிருந்தால், முன்னால் இருந்தவர் எரித்ததற்குப் பின்னால் வந்தவர் பணம் கட்டுவார். இதைச் சொல்லித்தான் நான் மீட்டர் அளவு, மீட்டர் அளவு என்று கரடியாகக் கத்துகிறேன். அவர்கள் அதை என் அற்பத்தனம் என்கிறார்கள்.

அற்பத்தனம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் செய்தியைப் பார்த்த பக்கத்து அறைத் தம்பி, எனக்கு இரண்டு கைப்பேசிகள் இருப்பதால் நான்தான் கூடுதலாகத் தர வேண்டும் என்று வாதிட்டார். ஒரு கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்ய ஏறத்தாழ இருபது வாட்-மணி போகும். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-மணி. ஐம்பது முறை சார்ஜ் செய்தாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாத ஒன்றைப் பற்றி அரை மணி நேரம் பேசிய அதே தம்பியின் அறையில், ஆளில்லாத நேரத்திலும் இரண்டாயிரம் வாட் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அது நிற்காமல் எட்டு மணி நேரம் ஓடினால் பதினாறு யூனிட், அதாவது 4. வெப்பம் போதுமான அளவுக்கு வந்ததும் தானாக அணையும் வகை என்றால் கொஞ்சம் குறையும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் அதுவும் அணையாது. கடுங்குளிர் நாள்களில் ஒருவருடைய ஒருநாள் பங்கே 1.17தான் என்னும்போது, ஓர் இரவின் அலட்சியம் மூன்று நாள் பங்கை விழுங்கிவிடுகிறது. வார இறுதியில் நண்பர் வீட்டில் இருந்தேன், அந்த நாள்களைக் கழியுங்கள் என்று கேட்பவரும் இவர்தான். குளிர்சாதனப் பெட்டியும் வைஃபை பெட்டியும் அவர் இல்லை என்பதற்காக ஓடாமல் இருப்பதில்லை. ஹீட்டரை அணைக்காமல் அல்லவா அவர் கிளம்பிப் போகிறார்! ஒவ்வொருவருடைய இரவையும் வார இறுதியையும் எண்ணத் தொடங்கினால் எந்த வீட்டிலும் கணக்கு முடியாது, அதனால் வந்த நாளும் போன நாளும் மட்டும் போதும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். அதையும் எல்லோரும் படித்தார்கள், நீலக் குறி விழுந்தது.

இணையக் கட்டணத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. எவ்வளவு பயன்படுத்தினாலும் மாதத் தொகை ஒன்றுதான், ஆகவே அறைக்குச் சமமாகப் பிரித்தால் முடிந்தது. அதைக்கூட மூன்று வாரமாக இழுக்கிறார்கள்.

கெடு நாள் நேற்றோடு முடிந்தது. என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக 395-ஐயும் என் படிப்புச் செலவுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து கட்டிவிட்டேன். புதிய தம்பி மட்டும் 8.25-ஐ அன்றைக்கே அனுப்பிவிட்டார். போனவருடைய 80-ஐ, அவருடைய முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கு முன் தீர்த்துத் தரும்படி வீட்டுக்காரருக்கு மீட்டர் படத்தையும் பில்லையும் இணைத்து எழுதியிருக்கிறேன்; வீட்டுக்காரர் மறுக்கலாம், ஏனெனில் மின்கணக்கு அவருடைய ஒப்பந்தத்தில் இல்லை. மற்ற இருவரும் தர வேண்டிய 204.50 இன்னும் வரவில்லை. அது இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால், அன்றைய மீட்டர் அளவைத் தெரிவித்து என் பெயரில் உள்ள கணக்கை முடித்துக்கொள்ள வழி கேட்டு மின் நிறுவனத்துக்கு எழுதப்போகிறேன். அதன்பிறகு இந்த வீட்டின் இணைப்பு அவர்கள் இருவரில் ஒருவர் பெயரில் இருக்கட்டும். இதையும் குழுவில் போட்டாகிவிட்டது.