என் அம்மாவின் 8,830 காலடிகள்

ஞாயிற்றுக்கிழமை நமது நடைக்குழுவில் வந்த அறிவித்தலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "எண்ணிக்கையில் குளறுபடி செய்தவர்கள்" என்று மூன்று பெயர்கள். அதில் இரண்டாவது பெயர் என் அம்மாவுடையது. நான்கு நாட்கள் பொறுமையாக இருந்தேன். இனி இருக்க முடியாது.

கைப்பேசிச் செயலிகள் எழுதுவதுதான் பத்து வருடங்களாக என் தொழில். ஆகவே மகன் என்பதற்காக மட்டும் பேசவில்லை. அம்மா எதையும் மாற்றவில்லை. காலடிப் போட்டிக்காக நீங்கள் எல்லோரையும் பதிவிறக்கச் சொன்ன அந்தச் செயலி கணக்கைத் தவறாகப் போட்டது. அந்தத் தவறு நேரும்படி கைப்பேசியை அணைய வைத்ததும் அதே செயலிதான்.

காலடிகளை எண்ணுவது செயலியின் வேலை அல்ல. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல் அதற்கென்றே TYPE_STEP_COUNTER என்ற சென்சர் வசதி இருக்கிறது. அசைவை அளக்கும் சிறிய சில்லு ஒன்று கைப்பேசிக்குள் தனியே விழித்திருந்து, நடையின் தாளத்தை அடையாளம் கண்டு, தானே கூட்டிக்கொண்டு போகிறது. திரை அணைந்து, கைப்பேசியின் மூளையான பிரதான செயலகம் உறங்கும்போதும் அது எண்ணும். அதற்குத் தேவைப்படும் மின்னோட்டம் ஒரு மில்லியம்பியரின் சிறு பகுதி. பிரதான செயலகத்தை விழிக்க வைத்தால் பல பத்து மில்லியம்பியர் போகும். அதற்கு மேல் ஜி.பி.எஸ். வேறு.

செயலி செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்தச் சென்சரைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒரு முறை எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்வது. இடையில் வந்த தகவல்கள் தவறினாலும் கவலையில்லை. ஏனென்றால் சென்சர் தருவது "இப்போது ஓர் அடி, இப்போது இன்னோர் அடி" என்ற செய்தி அல்ல, கூட்டுத்தொகை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டாலும் அந்த ஐந்து நிமிட நடை அதற்குள் இருக்கும். இதைத் தெரிந்த எவரும் இரவு முழுவதும் கைப்பேசியை விழிக்க வைக்க மாட்டார்கள்.

உங்கள் செயலி வைத்தது. "ஓர் அடியும் தவறக்கூடாது, பற்றரிச் சேமிப்பை அணையுங்கள், ஜி.பி.எஸ்.ஐ எப்போதும் திறந்து வையுங்கள்" என்று குழுவில் எழுதியது யார் என்று நான் சொல்லப் போவதில்லை. அம்மா சொன்னபடி செய்தார். அவர் சொல்பேச்சுக் கேட்பவர்.

அதன் விளைவைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை உவர்மலையிலிருந்து புறப்பட்டு, கடற்கரை வழியாக வந்து, பிரெட்ரிக் கோட்டைக்குள் ஏறி, கோணேசர் கோயில் வரை போயிருக்கிறார். வழியில் மான்களுக்குப் பக்கத்தில் நின்று எனக்கு ஒரு படமும் அனுப்பினார். முதல் நாள் மாலை முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி கோயில் வாசலில் அணைந்துவிட்டது. நீரிழிவுக்காரர், வயது 63. முச்சக்கரவண்டிக்கு அழைக்க வழியில்லை. நாங்கள் ஒன்றரை மணி நேரம் தேடினோம். கீழே இறங்கும் பாதையில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். "பயந்துவிட்டாயா, தம்பி?" என்று என்னைத்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து பற்றரிப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியில் அந்தச் செயலி. திரையைவிடவும் கூடுதலாக அதுவே தின்றிருந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். தயவுசெய்து இதை மட்டுமாவது முழுமையாக வாசியுங்கள். சென்சர் தரும் எண் "இன்று நடந்தது" அல்ல. கைப்பேசி கடைசியாகத் தொடங்கியதிலிருந்து நடந்தது. அணைந்து மீண்டும் தொடங்கினால் அது பூச்சியத்துக்குப் போய்விடும். செயலி தானே சேமித்து வைத்திருந்த பதிவில் வெள்ளி நள்ளிரவு எண் 48,210. கைப்பேசி அணைவதற்கு முன் கடைசியாகக் குறித்தது 54,900. அதாவது காலை நடை 6,690. சார்ஜ் ஏற்றித் தொடங்கிய பிறகு எண் பூச்சியத்திலிருந்து வளர்ந்து இரவில் 2,140 ஆனது. இரண்டையும் கூட்டினால் 8,830. கைப்பேசி அணைந்து கிடந்தபோது நடந்த அடிகள் போனவை போனவைதான், அவற்றை நான் கேட்கவில்லை.

செயலி என்ன செய்தது? 2,140இலிருந்து 48,210ஐக் கழித்தது. எதிர்மறை எண் வந்தது. பூச்சியம் என்று காட்டி, பக்கத்தில் சிவப்புக் குறியும் போட்டது. நீங்கள் அந்தக் குறியை நம்பினீர்கள், அம்மாவை நம்பவில்லை.

புதிய எண் பழைய எண்ணைவிடக் குறைவாக இருந்தால் கைப்பேசி மீண்டும் தொடங்கியிருக்கிறது என்று பொருள். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு 7 முதல் BOOT_COUNT என்ற எண்ணை ஒப்பிடலாம், அது ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒன்று கூடும். இரண்டு வரியில் முடிகிற சரிபார்ப்பு. அதைச் செய்யாததற்கு 63 வயதுப் பெண் பதில் சொல்ல வேண்டுமா?

"ஜி.பி.எஸ். இருந்தால்தான் துல்லியம்" என்பீர்கள். போன பாதையும் தூரமும் வேண்டுமென்றால், ஓடுபவருக்கும் சைக்கிள்காரருக்கும், ஜி.பி.எஸ். தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது இடத்தை அறியும், காலடியை அறியாது. நமது போட்டி காலடிக்கு.

"பத்து அடி நடந்து பார்த்தேன், எண் ஏறவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏறாது. இந்தச் சென்சர் பத்து விநாடி வரை தாமதிக்கலாம். உண்மையான நடைதானா என்று உறுதி செய்த பிறகே கூட்டும். சோதிக்க விரும்பினால் திரையை அணைத்து, வாய்விட்டு எண்ணி நூறு அடி நடந்து, சற்று நின்று, பிறகு பாருங்கள். சில அடிகள் கூடும், குறையும். கைப்பையில் ஆடாமல் கிடந்தாலோ, தள்ளுவண்டியைப் பிடித்து நடந்தாலோ இன்னும் குறையும். இந்தக் குறைகள் செயலகத்தை விழிக்க வைத்தாலும் நீங்காது.

"கையில் வைத்து ஆட்டினாலும் எண் ஏறுமே" என்றும் கேட்டார்கள். ஏறும். ஆனால் ஏமாற்றுகிறவருக்கு எண் கூடும், அம்மாவுக்குப் பூச்சியம் அல்லவா வந்தது! ஏமாற்றியவர் பூச்சியமா வாங்குவார்? இதைக்கூட யோசிக்காமல் ஒருவரின் பெயரை இருநூறு பேர் பார்க்கும் இடத்தில் போட்டுவிட்டீர்கள்.

"இலவசமாகச் செய்கிறோம், இவ்வளவு குறை சொல்கிறீர்களே" என்று தனிச்செய்தியில் எழுதியவருக்கும் சொல்கிறேன். உங்கள் உழைப்பை நான் அறிவேன். உட்துறைமுக வீதியில் விடியற்காலையில் நின்று தண்ணீர் கொடுத்தவர் நீங்கள். அம்மாவும் அதைச் சொல்லியே உங்களுக்காக வாதாடினார். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமே, "அக்கா, என்ன நடந்தது?" என்று.

அம்மா அன்று இரவு மூன்று முறை என்னிடம் சொன்னார்: "நான் ஒன்றும் செய்யவில்லை, தம்பி." தெரியும் என்றேன். மறுநாளும் சொன்னார்.

அந்தப் பட்டியலை நீக்குங்கள். சனிக்கிழமைக்கு 8,830 என்று திருத்துங்கள். மற்ற இருவரின் பதிவையும் எனக்கு அனுப்புங்கள், அவர்களுடைய கைப்பேசியும் அன்று அணைந்து தொடங்கியதா என்று நானே உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன். ஜி.பி.எஸ்.ஐத் திறந்து வைக்கச் சொன்ன அறிவித்தலை இன்றே மாற்றுங்கள். அம்மாவைப் போல இன்னும் பலர் தனியாகத்தான் கோட்டைக்குள் ஏறுகிறார்கள்.