சொல்லை மாற்றினால் போதுமா?

"இன்னொருவர் சொன்னதை வார்த்தைகளை மாற்றி எழுதினால் அது உங்கள் சொந்தப் பதிவாகிவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. இட்லி மாவு பொங்குவது பற்றிப் பரவலாகப் பகிரப்பட்ட ஒரு வீடியோவை வைத்து நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஒரு சொல்கூட அதிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் அதே ஐந்து குறிப்புகள், அதே வரிசை, அதே உதாரணம். ஒரு தோழி இரண்டாவது பத்தியிலேயே எந்த வீடியோ என்று சொல்லிவிட்டாள். அப்புறம் அதை அழித்துவிட்டு, வீடியோவைத் திரும்பப் பார்க்காமல், மறுநாள் நினைவில் நின்றதை மட்டும் துண்டுத் துண்டாகக் குறித்தேன். ஐந்தில் நான் செய்து பார்த்தவை இரண்டுதான்: வெந்தயம் சேர்ப்பது, கதகதப்பான இடத்தில் வைப்பது. மற்ற மூன்றையும் விட்டுவிட்டேன். டிசம்பரில் ஊட்டியில் பத்து மணி நேரமாகியும் பொங்காத மாவில் தொடங்கி, பாத்திரத்தை வெந்நீர் அண்டாவுக்குள் இறக்கி வைத்தது வரை, நடந்த வரிசையிலேயே எழுதினேன். அளவுகளை மட்டும் கடைசியில் வீடியோவோடு சரிபார்த்தேன். வெந்தய யோசனை அந்த வீடியோக்காரருடையது என்பதால் இணைப்பையும் கொடுத்தேன். "பொதுத் தகவலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது" என்றும் சிலர் சொல்கிறார்கள். சரிதான், வெந்தயம் யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் எந்தக் குறிப்பை எதற்குப் பின் வைப்பது, எந்த உதாரணத்தால் விளக்குவது என்பதெல்லாம் அந்த வீடியோக்காரர் யோசித்துச் செய்த வேலை.