கேட்க வந்ததை எட்டாவது பத்தியில் ஒளித்து வைக்காதீர்கள்

"மெயில் போட்டேனே, பார்க்கவில்லையா?" என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மெயில் எதிராளியின் போனில் எப்படித் தெரிகிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் அகலமான திரைக்கு முன் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். அதைப் படிப்பவர் ஒரு கையில் பையோடும் இன்னொரு கையில் போனோடும் நின்றுகொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிவது உங்கள் பெயர், சப்ஜெக்டில் பாதி, கீழே மெயிலின் தொடக்கத்திலிருந்து ஒன்றிரண்டு வரி. அவர் விரல் வைத்துத் திறக்கும் வரை மற்றதெல்லாம் அவருக்கு இல்லாத ஒன்று.

அந்தச் சின்ன இடத்தில் என்ன வைக்கிறார்கள் தெரியுமா? போன வாரம் எனக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். வேறு பிரிவிலிருந்து வந்தது. சப்ஜெக்ட் இது: "Fwd: Re: Re: ஆண்டறிக்கைத் தயாரிப்புப் பணிகள் தொடர்பான சில முக்கியத் தகவல்கள்". போனில் எனக்குத் தெரிந்தது "Fwd: Re: Re: ஆண்டறிக்கைத் தயா…" வரைதான். அதற்குக் கீழே, "அனைவருக்கும் வணக்கம். அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடந்த கூட்டத்தில்…". இதில் என்னிடம் யார் எதைக் கேட்கிறார்கள்? ஏதோ தகவல் என்றுதானே தோன்றும்? சாயங்காலம் படிக்கலாம் என்று எவரும் விட்டுவிடுவார்கள், நானும் விட்டேன்.

உள்ளே எட்டுப் பத்திகள். முதல் பத்தியில் கூட்டத்தில் பேசியது. அடுத்த மூன்றில் அட்டை வடிவமைப்பு எப்படி மாறி மாறி வந்தது என்ற வரலாறு. அப்புறம் யார் யாருக்கு நன்றி என்று ஒரு பத்தி, தாள் வகை பற்றி இரண்டு பத்திகள். எட்டாவது பத்தியின் கடைசியில்தான் விஷயம்: "எனவே இரண்டு மாதிரிகளில் எது என்பதை வியாழனுக்குள் தெரிவித்தால் நன்றாக இருக்கும், ஏனெனில் அச்சகத்தில் நமக்கு ஒதுக்கிய நேரம் அதன் பிறகு வேறொருவருக்குப் போய்விடக்கூடும்." தெரிவித்தால் நன்றாக இருக்குமாம்! தெரிவிக்காவிட்டால் வேலை 10 நாள் தள்ளிப்போகும் என்பது, போனில் வந்த கோபக் குரலைக் கேட்ட பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. படிக்கவில்லை என்ற பழி மட்டும் எங்கள் மேல்.

இந்த மெயிலைச் சுருக்கத் தெரியாமல் போக இது பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. ஆனால் வார்த்தைகளை அங்கங்கே வெட்டினால் சுருக்கம் வராது. எட்டுப் பத்தியை நான்காக்கினால் நான்காவது பத்தியின் கடைசியில் அதே கேள்வி ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். முதலில் மெயிலை மூடி வைத்துவிட்டுத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்: இதைப் படித்ததும் யார், என்ன, எப்போதைக்குள் செய்ய வேண்டும்? இதற்கு ஒரே மூச்சில் பதில் வரவில்லை என்றால், எழுதுபவருக்கே தனக்கு என்ன வேண்டும் என்று இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். இரண்டு பதில் வந்தால் அது இரண்டு மெயில். அட்டையையும் தாள் வகையையும் ஒரே மெயிலில் கேட்டால், போனிலிருந்து பதில் போடுகிறவர் ஒன்றுக்குத்தான் பதில் சொல்வார். இது எத்தனை தடவை நடந்தாலும் யாரும் திருந்துவதில்லை.

இங்கே பதில் தெளிவு. நாங்கள் மாதிரி 1 அல்லது 2 என்று சொல்ல வேண்டும், வியாழன் மாலை 4 மணிக்குள். இப்போது சப்ஜெக்டுக்கு வருவோம். பலரும் செய்கிற முதல் சுருக்கம் "ஆண்டறிக்கை அட்டை தொடர்பாக" என்பது. சின்னதுதான், ஆனால் அதில் செய்ய வேண்டிய வேலை எங்கே இருக்கிறது? அடுத்து "அவசரம்: ஆண்டறிக்கை அட்டை" என்று எழுதுவார்கள். எல்லா மெயிலிலும் அவசரம் என்று போட்டுப் போட்டு அந்த வார்த்தையை யாரும் பார்ப்பதே இல்லை. அது தின்னும் இடத்தில் தேதியை வைத்திருந்தால் அவசரம் தானே தெரிந்திருக்கும். நான் எழுதியிருந்தால் இப்படி:

அட்டை 1 அல்லது 2? ஜூன் 12-க்குள்

இடைவெளியையும் சேர்த்து 23 எழுத்துதான். நிமிர்த்திப் பிடித்த போனில் ஆங்கிலமாக இருந்தால் சுமார் 30 முதல் 40 எழுத்து தெரியும், செயலியையும் எழுத்தின் அளவையும் பொறுத்துக் கூடும், குறையும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, அதனால் இன்னும் முன்னாலேயே வெட்டுப்படும். ஆகவே பொருளும் கேள்வியும் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். தேதி வெட்டுப்பட்டால்கூட என்ன கேட்கிறார்கள் என்பது மிஞ்சும்.

தேதியைப் பற்றி இன்னொன்று. "நாளைக்குள்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. புதன் இரவு 11 மணிக்கு அனுப்பிய மெயிலை வியாழன் காலையில் ஒருவர் பார்க்கிறார். அவருடைய நாளை வெள்ளி. நீங்கள் சொன்ன நாளை இன்றைக்கே முடிகிறது. "வியாழனுக்குள்" என்பதும் எந்த வியாழன் என்ற சந்தேகத்தை விட்டுவைக்கும். தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுத எத்தனை நொடி ஆகும்? சப்ஜெக்டில் தேதி, உள்ளே தேதியோடு கிழமையும் மணியும், போதும்.

முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் அந்த "Fwd: Re: Re:" விஷயத்துக்கு வருகிறேன். பதில் போட்டுக்கொண்டே போன பழைய மெயிலில் புதுக் கேள்வியைச் செருகுவது சோம்பேறித்தனம். கேள்வி புதிது என்றால் புது மெயில் தொடங்குங்கள். ஜிமெயிலில் சப்ஜெக்டை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். அதனால் புது விஷயத்துக்கு மாற்றுவது நல்லது. அதே விஷயம் தொடரும்போது அழகுக்காக மாற்றினால், பழையது ஓரிடம் புதியது ஓரிடம் என்று சிதறி, தேடுகிறவர் உயிர் போகும்.

இனி உள்ளே இரண்டு வரி. கணினியில் இரண்டு வரியாகத் தெரிவது போனில் ஐந்தாறு வரியாக மடியும் என்பதை மறக்கக் கூடாது. நான் இரண்டு வரி என்று சொல்வது இரண்டு வாக்கியத்தை. முதல் வாக்கியம் செய்ய வேண்டியது, இரண்டாவது செய்யாவிட்டால் ஆவது. இப்படி:

"ஆண்டறிக்கை அட்டைக்கு மாதிரி 1, 2 இரண்டில் எது என்று ஜூன் 12 வியாழன் மாலை 4 மணிக்குள் எண்ணை மட்டும் பதிலாக அனுப்புங்கள்.

தவறினால் அச்சகத்தில் நமக்கு அடுத்த நேரம் 10 நாள் கழித்துத்தான்."

முதல் வாக்கியம் மெயிலின் முதல் எழுத்திலிருந்தே தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். போனில் சப்ஜெக்டுக்குக் கீழே தெரியும் துண்டு அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஐபோனின் மெயில் செயலி வழக்கமாக இரண்டு வரி காட்டும், ஜிமெயில் ஒரு வரி. அதில் நலம் விசாரிப்பை வைத்தால் கேள்வி கண்ணில் படாது. அதே போல "எண்ணை மட்டும்" என்பதும் வேண்டுமென்றே எழுதியதுதான். "உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்" என்று கேட்டால் போனில் தட்டச்சு செய்யச் சலித்துக்கொண்டு "சரி" என்று ஒரு பதில் வரும். எது சரி? ஒன்றா, இரண்டா? திரும்பவும் ஒரு மெயில். எதிராளி ஒரே எழுத்தில் பதில் சொல்ல முடிகிற மாதிரி கேள்வியை அமைப்பது கேட்பவரின் பொறுப்பு.

அந்த வரலாறு, நன்றி எல்லாம் என்ன ஆவது என்று கேட்பார்கள். இரண்டு வாக்கியத்துக்குக் கீழே ஓர் இடைவெளி விட்டு, "பின்னணி" என்று எழுதி, அதற்குக் கீழே போடுங்கள். வேண்டியவர் படிப்பார். ஆனால் முடிவெடுக்கத் தேவையான விவரத்தை இணைப்புக்குள் பூட்டாதீர்கள். பெரிய அட்டவணைக் கோப்பைப் போனில் விரித்து, பக்கவாட்டில் தள்ளித் தள்ளி ஒரு தொகையைத் தேடுவது எவ்வளவு எரிச்சல்! அந்த ஒரு தொகையை வாக்கியத்திலேயே சொல்லிவிடலாமே. மாதிரிப் படங்களையும் "final_new_2" என்ற பெயரில் அனுப்பினால் எது 1, எது 2 என்று யாருக்குத் தெரியும்? கோப்பின் பெயரும் 1, 2 என்றே இருக்கட்டும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் தயாராக வரும்: "இவ்வளவு சுருக்கமாக எழுதினால் மரியாதையாக இருக்காதே." எனக்கு இதுதான் அதிகம் கொதிக்கிறது. பெயர் சொல்லி வணக்கம் வைக்க ஒரு வார்த்தை போதும், முடிவில் நன்றி இன்னொன்று, யாரும் தடுக்கவில்லை. அடுத்தவரை எட்டுப் பத்தி தோண்ட வைத்து, தோண்டாதவரைக் குற்றவாளி ஆக்குவது எந்த ஊர் மரியாதை?

எல்லாவற்றையும் இப்படிச் சுருக்கவும் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரை வேலையிலிருந்து விலக்குவதையோ, அவர் மேல் வந்த புகாரையோ இரண்டு வரியில் எழுதுவது கொடுமை. அதற்கு நேரில் பேச வேண்டும், குறைந்தபட்சம் முழுமையாக எழுத வேண்டும். பூட்டிய திரையிலும் சப்ஜெக்ட் தெரியக்கூடும் என்பதால் சம்பளத் தொகை, மருத்துவ விவரம், கடவுச்சொல் எதுவும் அங்கே வரக் கூடாது. பலருக்கு ஒரே மெயில் போனால், முடிவு யாருடையது என்று முதல் வாக்கியத்திலேயே பெயர் வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் மற்றவர் பதில் போடுவார் என்று இருந்துவிடுவார்கள்.

அனுப்புவதற்கு முன் அந்த மெயிலை உங்களுக்கே ஒரு முறை அனுப்பி, போனைத் திறக்காமல் பூட்டிய திரையில் மட்டும் பாருங்கள். என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று அங்கேயே தெரிந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். தெரியாவிட்டால் திருத்தி எழுதுங்கள், அதற்கு முன் "பார்க்கவில்லையா?" என்று எங்களைக் கூப்பிடாதீர்கள்.